தண்ணீர் ஊற்றலாமா, கூடாதா? டெல்டா அரிசி ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அரிசி ஆலையும் நெல் குடோனும் நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

நான் குடோன்களில் அட்டிக்கு மருந்து போடும் வேலையில் இருப்பவன். உங்களில் பலருடைய ஆலைக்குள் வந்திருக்கிறேன், டீயும் குடித்திருக்கிறேன். இந்த மடல் நெல்லைப் பற்றியது இல்லை, ஈரப்பதக் கழிவைப் பற்றியதும் இல்லை. உங்கள் ஸ்டோர் ரூம் அலமாரியில் இருக்கும் டப்பாக்களின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பற்றியது. அந்த லேபிளில் உள்ள படத்தையும், பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஒற்றைச் சொல்லையும் உங்கள் ஆட்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். ஐப்பசி மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஸ்டோர் ரூம். அலமாரியின் மேல்தட்டில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை டப்பா ஒன்று, மூடி சரியாகத் திருகப்படாமல் இருந்தது. உள்ளே மிச்சம் கொஞ்சம் மாத்திரைகள். கூரையில் விரிசல், அதன் வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் டப்பாவுக்குள் இறங்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் புகை. "படக்" என்று ஒரு சத்தத்தோடு டப்பா வாயில் தீப்பொறி. லோடுமேன் ஒருவர் பார்த்துவிட்டார். தீ என்றால் நம் ஊரில் என்ன செய்வோம்? ஓடிப்போய் பம்ப்செட் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார்.

நான் அடுத்த குடோனில் இருந்தேன். கத்தியதில் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். எல்லோரையும் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக வெளியே அனுப்பிவிட்டு, வெளியில் இருந்தபடியே எட்டிய கதவுகளைத் திறந்துவிட்டோம். டப்பா தானாக அடங்கும்வரை யாரும் உள்ளே போகவில்லை. அப்புறமும் அளவுமானியில் பாஸ்பீன் வாயு 0.3 பிபிஎம்முக்குக் கீழே வந்தது தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த லோடுமேன் அன்று மாலை என்னிடம் கேட்டார்: "அண்ணே, டப்பாவுல மண்டை ஓடு போட்டிருக்கு, வாயில போடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

நியாயமான கேள்வி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். படமாக எங்கேயும் போடவில்லை. பொடி எழுத்தில் இருந்தது, அதுவும் பாதி கிழிந்துபோன தாளில்.

ஏன் போடவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆலைகளில் இரண்டு தனித்தனி லேபிள் முறைகள் ஒரே அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றன. பூச்சிமருந்து டப்பாக்களில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்லும் முறை. சாய்த்து வைத்த ஒரு சதுரம், அதை இரண்டு முக்கோணமாகப் பிரித்திருப்பார்கள். கீழ் முக்கோணத்தில் நிறம், மேல் முக்கோணத்தில் சொல். ஆசிட், காஸ்டிக், தின்னர் போன்ற தொழிற்சாலைச் சரக்கில் இருப்பது வேறு. வெள்ளைத் தரையில் கறுப்புப் படம், சுற்றிச் சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரம். அது ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வெளியிட்ட உலகப் பொது முறை, சுருக்கமாக ஜிஎச்எஸ். அதில் மொத்தம் ஒன்பது படங்கள், எச்சரிக்கைச் சொல் இரண்டே இரண்டு: கடுமையானதற்கு 'டேஞ்சர்', அதைவிடக் குறைந்ததற்கு 'வார்னிங்'.

பூச்சிமருந்து முக்கோணத்தில் நான்கு படிகள். சிவப்பில் மண்டை ஓடும் 'பாய்சன்' என்ற சொல்லும். மஞ்சளில் 'பாய்சன்' மட்டும், மண்டை ஓடு கிடையாது. நீலத்தில் 'டேஞ்சர்'. பச்சையில் 'காஷன்'. இந்தப் படிகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அளவை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பாதி எலிகள் சாகும் அளவு, உடல் எடை கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. எண் சிறியதாக இருந்தால் விஷம் அதிகம். வாய்வழியே 1 முதல் 50 வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. தோல்வழியே போனால் எவ்வளவு என்பதற்கும் இதேபோல ஒரு கணக்கு உண்டு.

இப்போது சிக்கல் எங்கே என்று பாருங்கள். நீல முக்கோணத்தில் இருக்கும் 'டேஞ்சர்' நான்கு படிகளில் மூன்றாவது. ஜிஎச்எஸ் லேபிளில் இருக்கும் 'டேஞ்சர்' மேல்படி. நீலத்துக்குள் வரும் அதே 501 முதல் 5000 வரையுள்ள சரக்கை, வாய்வழி விஷத்தை மட்டும் வைத்து ஜிஎச்எஸ் கணக்கில் போட்டால் அதற்குக் கிடைக்கும் சொல் 'வார்னிங்'தான். குடோன் சுவருக்கும் தரைக்கும் அடிக்கும் மாலத்தியான் நீல முக்கோணம். அதன் பக்கத்தில் கழிவறை கழுவவும் உப்புப் படிவு எடுக்கவும் வைத்திருக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கேன். இரண்டிலும் 'டேஞ்சர்'. மாலத்தியானைப் பல வருஷம் கையாண்டு "இந்த டேஞ்சர் இவ்வளவுதான்" என்று பழகிப்போன ஆள், ஆசிட் கேனையும் அதே தைரியத்தில் திறப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அச்சடித்தவர்கள் அவருக்கு ஒரே சொல்லைத்தானே கொடுத்திருக்கிறார்கள்.

மஞ்சளில் இதற்கு நேர்மாறான தப்பு நடக்கிறது. "மண்டை ஓடு இல்லையே, அப்ப பரவாயில்லை" என்று நினைக்கிறார்கள். ஆனால் மஞ்சளில் 51 முதல் 300 வரையுள்ள சரக்குக்கு ஜிஎச்எஸ் கணக்கில் மண்டை ஓடே விழும், 'டேஞ்சர்' என்ற சொல்லோடு. ஒரு முறையில் மண்டை ஓடு இருக்கும், இன்னொன்றில் அதே சரக்குக்கு இருக்காது. அதனால் பூச்சிமருந்து டப்பாவில் படத்தைத் தேடாதீர்கள், நிறத்தைப் பாருங்கள் என்று நான் போகும் இடமெல்லாம் சொல்லிவருகிறேன். சிவப்பும் மஞ்சளும் ஒரே கையுறை, ஒரே முகக்கவசம், ஒரே ஜாக்கிரதை. நீலம் என்பதற்காகக் கையுறையைக் கழற்றலாம் என்றும் இல்லை.

இந்த முக்கோணத்துக்கு இன்னொரு பெரிய குறை உண்டு. அது சொல்வது விழுங்கினாலோ தோலில் பட்டாலோ எவ்வளவு விஷம் என்பதை மட்டும்தான். தீப்பிடிக்குமா, தோலைப் பொசுக்குமா, தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த நிறத்தில் கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு சிவப்பு முக்கோணம், மண்டை ஓடு. சரிதான், பொய்யில்லை. ஆனால் குடோனில் அதனால் சாகிறவர்கள் மாத்திரையை விழுங்கிச் சாவதில்லை. அதிலிருந்து வரும் வாயுவைச் சுவாசித்துச் சாகிறார்கள்.

அதே சரக்கை ஜிஎச்எஸ் முறையில் பார்த்தால் மூன்று படங்கள் வரும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த லோடுமேன் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

முதல் படம், தீச்சுடர். பெட்ரோலுக்கும் தின்னருக்கும் போடும் அதே படம்தான். ஆனால் இங்கே அதன் காரணம் வேறு: தண்ணீர் பட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடிய வாயு வெளியே வரும். படம் ஒன்றாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். தின்னர் டப்பாவில் தீச்சுடர் என்றால் பீடி, வெல்டிங் பொறி, ஸ்விட்ச் பொறி இதையெல்லாம் தள்ளி வை என்று அர்த்தம். பாஸ்பைடு டப்பாவில் தீச்சுடர் என்றால் முதலில் ஈரத்தைத் தள்ளி வை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, உலர்ந்த மணல் போடு. இந்த வித்தியாசம் படத்தில் தெரியாது. படத்துக்குக் கீழே உள்ள ஒரு வரியில்தான் இருக்கும். அதனால் தீச்சுடரைப் பார்த்தவுடன் "எதனால் தீ?" என்று அந்த வரியைத் தேடிப் படிக்கப் பழக வேண்டும்.

இரண்டாவது படம் மண்டை ஓடு. இங்கே அது முக்கியமாக மூச்சைக் குறிக்கிறது. மூன்று கிராம் மாத்திரை ஒன்று முழுதாகக் கரைந்தால் ஒரு கிராம் பாஸ்பீன் வாயு கிடைக்கும். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக வைக்கும் வரம்பு 0.3 பிபிஎம். உடனே உயிருக்கு ஆபத்து என்று கணக்கிடும் அளவு 50 பிபிஎம். வாசம் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். பூண்டு வாசம், கார்பைடு வாசம், அழுகின மீன் வாசம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த வாசம் பாஸ்பீனுடையதே இல்லை, மாத்திரையில் கலந்திருக்கும் கசடுகளால் வருவது. தூய பாஸ்பீனுக்கு வாசம் கிடையாது. அந்தக் கசடுகளை நெல்லும் சாக்கும் உறிஞ்சிக்கொண்டால் வாசம் போய்விடும், வாயு அப்படியே இருக்கும். மூக்கை நம்பிக் கதவைத் திறந்து உள்ளே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும். துண்டைச் சுற்றிக்கொள்வதும் துணி மாஸ்க் போட்டுக்கொள்வதும் தூசிக்கு ஆகும், வாயுவுக்கு ஆகாது. பாஸ்பீனுக்கென்று உள்ள வடிகட்டிக் குப்பி பொருத்திய முழு முகக்கவசம் வேண்டும். அதுவும் வாயு 15 பிபிஎம் வரை இருந்தால்தான். அதற்கு மேல், அல்லது எவ்வளவு என்றே தெரியாத இடத்தில், முதுகில் காற்று சிலிண்டர் போட்டவர் தவிர யாரும் போகக் கூடாது.

தலைவலி, வாந்தி, நெஞ்சு அடைப்பு, மூச்சு வாங்கல் இவை வந்தால் வெயில், பசி என்று விட்டுவிடாதீர்கள். இந்த விஷத்துக்கென்று மாற்று மருந்து கிடையாது. ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைத்து, டப்பாவின் லேபிளையோ அதைப் போனில் எடுத்த படத்தையோ மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், "இப்ப சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறேன்" என்று சொல்பவரையும் விடாதீர்கள்.

மூன்றாவது படம், இலையில்லா மரமும் செத்த மீனும். நம் ஆட்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான். மருந்து போட்டு முடிந்து, அட்டியின் மேலிருந்த போர்வையை எடுத்தபின் மிஞ்சும் சாம்பல் நிறப் பொடியில் இன்னும் கொஞ்சம் பாஸ்பைடு மிச்சம் இருக்கும். அதைப் பெருக்கி வாய்க்காலில் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்கால் அடுத்த ஊர்க் குளத்துக்குப் போகிறது. மூடிய டப்பாவில் அள்ளிக் குவிப்பதும் கூடாது, வாயு அடைந்து தீப்பிடிக்கும். அந்தப் பொடியை என்ன செய்வது என்பது மருந்து போட வந்தவர்களுடைய பொறுப்பு. அவர்கள் செய்யாமல் கிளம்பினால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இங்கே இடையில் ஒன்று. அலுமினியம் பாஸ்பைடை அரசு நிறுவனங்களும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும்தான் நிபுணர் மேற்பார்வையில் பயன்படுத்தலாம் என்பது சட்டம். அதாவது, உங்கள் வாட்ச்மேன் போடக் கூடாது. மேல்தட்டில் "மிச்சம்" என்று ஒரு டப்பா இருப்பதே தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், பத்து ஆலைக்குப் போனால் சிலவற்றிலாவது அந்த மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

சரி, இப்போது ஆசிட் கேனுக்கு வருவோம். அதில் இரண்டு குழாய்களிலிருந்து சொட்டு விழுந்து ஒரு கையும் ஓர் இரும்புத் துண்டும் அரிக்கப்படுவது போல ஒரு படம். இதன் பொருள்: தோல், கண், இரும்பு மூன்றையும் தின்னும். ஆசிட்டை இரும்பு டப்பாவில் மாற்றி வைக்காதே, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்காதே, கலக்க வேண்டுமென்றால் தண்ணீரில் ஆசிட்டை ஊற்று, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதே. உடம்பில் பட்டால் உடனே தண்ணீர், கொஞ்ச நேரம் இல்லை, பதினைந்து இருபது நிமிஷம் ஓடும் குழாய்த் தண்ணீர். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு அதே அளவு நேரம், அப்புறம் ஆஸ்பத்திரி.

பாஸ்பைடுப் பொடி உடம்பில் பட்டால்? முதலில் உலர்ந்த கையுறையாலோ துணியாலோ தட்டிவிட வேண்டும், காற்றோட்டமான இடத்தில், வியர்வை ஊறிய சட்டையைக் கழற்றிவிட்டு. அதற்குப் பிறகுதான் சோப்பும் நிறையத் தண்ணீரும்.

ஒரே அலமாரி, ஒரே மாதிரி பயமுறுத்தும் இரண்டு டப்பா. ஒன்றுக்கு முதல் வேலை தண்ணீர், இன்னொன்றுக்கு முதல் வேலை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது. பக்கத்து வயலில் வாய்க்கால் ஓடும் ஊர் இது. எதற்கும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அதனால் டெல்டாவில் இந்தப் படங்களைக் கற்றுக்கொடுக்க ஒரே கேள்விதான் சரிவரும் என்று நினைக்கிறேன்: "இதுக்குத் தண்ணி ஊத்தலாமா, கூடாதா?"

இந்த இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்பைடு தண்ணீரைவிட ஆசிட்டோடு இன்னும் வேகமாக வாயுவை விடும். ஆசிட் கேன் கசிந்தால் போதும். இதே ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் குளோரின் வாயு வரும். கழிவறை கழுவுகிற அம்மாக்களிடம் "ரெண்டும் போட்டா நல்லா வெளுக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை இன்றே திருத்துங்கள்.

மற்ற படங்களை ஓட்டமாகச் சொல்கிறேன், ஆலைக்குள் அவை எங்கே வரும் என்பதோடு.

வட்டத்துக்கு மேல் தீ எரிவதுபோல ஒரு படம் உண்டு. தீச்சுடரோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். இது தானே எரியும் பொருள் இல்லை, அடுத்ததை எரிய வைக்கும் பொருள். பிளீச்சிங் பவுடரில் இது இருக்கும், வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜன் சிலிண்டரிலும் இருக்கும். எண்ணெய்த் துணி, டீசல், உமி, தவிடு இவற்றின் பக்கத்தில் வைக்காதே என்று அர்த்தம். ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் கிரீஸ் தடவாதே என்பதும் இதில் அடங்கும். சிலிண்டர் படம் என்றால் அழுத்தத்தில் அடைத்த வாயு. நிற்க வைத்துச் சங்கிலியால் கட்டு, வெயிலில் போடாதே, உருட்டி இறக்காதே. வெடிகுண்டுப் படம் அரிசி ஆலையில் வர வேலையே இல்லை. வந்தால் தொடாமல் என்னவென்று விசாரியுங்கள்.

ஆச்சரியக்குறி பலருக்கும் சாதாரணமாகத் தெரியும். எரிச்சல், அரிப்பு, ஒவ்வாமை, குறைந்த விஷம். ஆனால் இதில் ஒரு நுணுக்கம்: மண்டை ஓடு வந்துவிட்டால் அதே விஷத்துக்காக ஆச்சரியக்குறியும் சேர்த்துப் போட மாட்டார்கள். ஆசிட் கேனில் பார்த்த, கையையும் இரும்பையும் அரிக்கும் படம் வந்துவிட்டால் தோல், கண் எரிச்சலுக்கும் அப்படித்தான். பெரிய படம் சின்னப் படத்தை விழுங்கிவிடும். சொல்லும் அதேபோல்தான். 'டேஞ்சர்' வந்துவிட்டால் 'வார்னிங்' வராது, ஒரு லேபிளுக்கு ஒரே சொல். அதனால் 'டேஞ்சர்' என்பதைப் பார்த்து எந்தப் படத்துக்காக அது வந்தது என்று சொல்ல முடியாது. மூன்று படம் இருந்தால் ஏதோ ஒன்றுக்காவது அது மேல்படி என்பது மட்டும்தான் தெரியும்.

கடைசியாக ஒரு படம், மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம்போல வெடித்திருக்கும். பார்க்கச் சாமி படம்போல இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. பெரும்பாலும் இது மெதுவாக வரும் நோயைச் சொல்கிறது: புற்றுநோய், குழந்தைப்பேறு பாதிப்பு, நுரையீரல், உறுப்புச் சேதம். இன்று கை எரியாது, அதனால் கையுறை வேண்டாமென்று தோன்றும், அதுதான் அதன் ஆபத்து. ஆனால் இதே படத்துக்கு உடனடி வேலை ஒன்றும் உண்டு. மண்ணெண்ணெய், தின்னர், இன்னும் சில கரைப்பான்களில் இது வந்தால், விழுங்கியபின் அது நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து என்று பொருள். அப்படிப்பட்டதைக் குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியில் மேலே வரும்போதுதான் அது மூச்சுக்குழாயில் இறங்கும். நம் ஊரில் முதலில் செய்வது அந்த உப்புத் தண்ணீரைத்தான். இங்கேயும் பாருங்கள், தண்ணீர்தான் பிரச்சினை.

இப்போது நான் கேட்பது. பெரிய செலவில்லை.

உங்களுக்குச் சரக்கு கொடுக்கும் கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ ஒவ்வொரு சரக்குக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்கள், எஸ்டிஎஸ் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஜிஎச்எஸ் முறையில் அச்சடித்ததாக இருந்தால் பதினாறு பகுதிகள் இருக்கும். இரண்டாம் பகுதியில் படங்களும் எச்சரிக்கைச் சொல்லும், நாலாவதில் முதலுதவி, ஐந்தாவதில் தீயணைப்பு, ஏழாவதில் எங்கே வைப்பது, பத்தாவதில் எதோடு சேரக் கூடாது. பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணம் மட்டும் இருந்தாலும் இந்தத் தாளில் தீச்சுடர் இருக்கும். அந்த லோடுமேனுக்கு வேண்டியிருந்த படம் அந்த ஆலை ஆபீஸ் ஃபைலில் இருந்தது, ஸ்டோர் ரூமில் இல்லை.

அந்த இரண்டாம் பகுதியில் உள்ள படங்களைக் கலரில் பெரிதாக அச்சடித்து, அந்தச் சரக்கு இருக்கும் இடத்துக்கு மேல் சுவரில் ஒட்டுங்கள். கீழே தமிழில் ஒரே வரி: "தண்ணீர் கூடாது, உலர் மணல்" அல்லது "உடனே 15 நிமிஷம் தண்ணீர்". படிக்கத் தெரியாதவருக்குக் குழாய்ப் படத்தின் மேல் பெருக்கல் குறி போட்டால் போதும். மணல் வாளி அந்தக் கதவுக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் எடுக்க முடியாது.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் வேறு வேறு அறையில் இருக்கட்டும். பூச்சிமருந்து ஆசிட் இருக்கும் அறைக்கே வரக் கூடாது. கூரை ஒழுகாத அறை, தரையிலிருந்து உயர்த்திய தட்டு. ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை ஏறிப் பார்த்து ஓடு மாற்றுங்கள்.

அப்புறம், பாட்டில் மாற்றுகிற பழக்கம். ஐந்து லிட்டர் ஆசிட் கேனிலிருந்து கழிவறைக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்றால், பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறோம். மாலத்தியானும் அப்படியே வயலுக்குப் போகிறது. பாட்டில் மாறியவுடன் மேலே சொன்ன எல்லாப் படமும் காணாமல் போகிறது. 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயனங்கள் விதிகள் கொள்கலனில் என்ன இருக்கிறது, யார் தயாரித்தது, அதன் ஆபத்துத் தன்மை என்ன என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்கின்றன. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், குடிக்கும் பாட்டிலே இல்லாத ஒரு கேன் வாங்கி, அதில் சரக்கின் பெயரும் படமும் ஒட்டிய பிறகு ஊற்றுங்கள். ஒட்டாமல் ஊற்றிய பாட்டிலைக் கண்டால் யாராக இருந்தாலும் எடுத்து ஆபீசில் கொடுக்கலாம், அதற்காக யாரும் திட்டக் கூடாது என்று நீங்களே ஆட்களை நிற்க வைத்துச் சொல்லுங்கள். மேஸ்திரி சொன்னால் பாதிப் பேர்தான் கேட்பார்கள், முதலாளி சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

மருந்து போட வருபவர்களிடம் அனுமதிச் சான்றைக் கேளுங்கள், அளவுமானி எங்கே என்று கேளுங்கள். "மூக்கே போதும் சார்" என்று சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நான் இருக்கும் தொழிலைப் பற்றியே இதைச் சொல்கிறேன் என்பதால் என் சக தொழில்காரர்கள் சிலர் என்மேல் வருத்தப்படலாம், படட்டும். மருந்து போட்ட குடோனின் எல்லாக் கதவிலும் மண்டை ஓடு போட்ட பலகை தமிழில் தொங்க வேண்டும், போட்ட தேதி, நேரம், திறக்கும் தேதி, பொறுப்பாளர் போன் எண்ணோடு. அளந்து பார்க்காமல் அந்தப் பலகையை யாரும் கழற்றக் கூடாது. லாரி வந்து நிற்கிறது, லோடு ஏற்ற வேண்டும் என்பதற்காகக் கழற்றுவது எப்படி நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சுவரில் ஒட்டும் தாளைத் தயார் செய்ய உதவி வேண்டுமென்றால், மாவட்டத்தில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் கேட்கலாம். அடுத்த முறை நான் உங்கள் ஆலைக்கு அட்டி பார்க்க வரும்போது முதலில் ஸ்டோர் ரூம் சாவியைத்தான் கேட்பேன். மேல்தட்டில் மிச்ச டப்பா இருந்தால் அதைச் சட்டப்படி திருப்பிக் கொடுப்பது எப்படி என்று பேசிவிட்டுத்தான் குடோனுக்குள் போவேன்.

இப்படிக்கு,
அட்டிக்கு மருந்து போடும் உங்கள் தொழிலாளி